பில் போடாத விற்பனையில் வரி யாருக்குப் போகிறது? - வாசகர் கேள்வி-பதில்

தொண்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சீலிங் ஃபேன் வாங்கப் போனேன். விலை 2,360 ரூபாய். "பில் வேண்டாம்னா 2,200 குடு தம்பி" என்றார் கடைக்காரர். "வரி கட்டாம விட்டா ரோடு எப்படிப் போடுவாங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். "வரி கட்டுறது நான். சம்பாதிக்காத உனக்கு என்ன கேள்வி?" என்றார். அவர் சொன்னது சரியா?

சரியில்லை. இதே கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் அடிக்கடி வருவதால் விரிவாகவே சொல்கிறேன்.

2,360 ரூபாயில் ஃபேனின் விலை 2,000, ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 360. கடைக்காரர் அதை மதுரை மொத்த வியாபாரியிடம் 1,700க்கு வாங்கியிருந்தால், மேலே 306 ரூபாய் வரி கொடுத்திருப்பார். உங்களிடம் வாங்கும் 360இல் அந்த 306ஐக் கழித்துக்கொண்டு, மீதி 54 ரூபாயை அரசுக்குச் செலுத்துவார். ஆக, அவர் கையிலிருந்து ஒரு பைசா போவதில்லை. முழு 360ஐயும் சுமப்பது நீங்கள். பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு.

இப்போது பில் இல்லாமல் 2,200க்கு விற்கிறார் என்று வையுங்கள். உங்களுக்கு 160 ரூபாய் மிச்சம். அவருக்கு 2,000க்கு மேல் 200 ரூபாய் கூடுதல். இரண்டையும் கூட்டினால் அதே 360. பலர் நினைப்பதுபோல் அரசுக்கு நட்டம் 54 மட்டும் அல்ல. கொள்முதலுக்குக் கொடுத்த 306ஐ வேறு பொருளின் வரியில் அவர் கழித்துக்கொள்வார். ஃபேன் காயில் கருகினால் வாரண்டிக்குக் காட்ட உங்களிடம் தாளும் இருக்காது. அவருக்கும் ஆபத்து உண்டு: மொத்த வியாபாரி கணக்கு ஏற்றிவிட்டதால் கொள்முதல் பதிவில் தெரியும். சோதனைக்கு வந்தவர்கள் இருப்பை எண்ணும்போது, விற்ற கணக்கிலும் இல்லாத, கடையிலும் இல்லாத ஃபேனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தம்பி, நீங்கள் சோப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிறீர்கள். கேள்வி கேட்க வருமானச் சான்றிதழ் தேவையில்லை. பில் வாங்குங்கள்.

அதே ஊரிலிருந்து ஒரு கடைக்காரர்: நான் சிறு வியாபாரிகளுக்கான ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன். பில்லில் ஜிஎஸ்டி தனியாகப் போடலாமா?

கூடவே கூடாது. விற்பனையில் 1 சதவீதத்தை உங்கள் லாபத்திலிருந்து கட்டுவதற்குத்தான் அந்தத் திட்டம். கொள்முதல் வரியையும் கழிக்க முடியாது. வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கினால் அது சட்டவிரோதம். வரி வாங்கத் தகுதியில்லாதவர் என்று பில்லின் தலைப்பிலேயே எழுத வேண்டும்.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: பில்லில் 33 என்று தொடங்கும் 15 இலக்க எண் இருக்கும். gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் அதைப் போட்டால் கடை எந்த வகை, பதிவு உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும். Composition என்று காட்டியும் பில்லில் வரி தனியாக இருந்தால், கடைக்காரரிடமே கேளுங்கள். அந்தப் பணம் அரசுக்குப் போக வேண்டிய வழியில் போகவில்லை.

தேவிபட்டினம் பக்கம் ஓர் ஊராட்சியிலிருந்து: காவிரித் தண்ணீர் குழாயில் வருவதே இல்லை. வீட்டு வரியை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். வீட்டு வரி என்பது தண்ணீருக்குக் கொடுக்கும் விலை அல்ல. தண்ணீருக்குக் கட்டணம் தனி. வரியை நிறுத்தினால் பாக்கிதான் ஏறும், குழாயில் தண்ணீர் ஏறாது. கட்டிய ரசீதை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூட்டம் உண்டு. வரவு செலவை வாசிக்கும்போது, குடிநீருக்கு எவ்வளவு செலவானது, எந்தத் தெருக் குழாய்க்கு என்று கேளுங்கள். "தண்ணி வரலை" என்று மட்டும் சொன்னால் "பார்க்கிறோம்" என்ற பதில்தான் வரும். தெருப் பெயரையும், தண்ணீர் வந்த நாள்களையும் தேதியோடு எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அப்படியும் நடக்காவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மண்டபத்திலிருந்து: நான் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டுமா?

என்ன விற்கிறீர்கள், ஆண்டு விற்பனை எவ்வளவு என்று எதையும் எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? பச்சை மீன் மட்டும் விற்றால் வேண்டாம், அதற்கு வரியே இல்லை. வரியுள்ள சரக்கை உள்ளூரில் விற்பவர் என்றால், ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டியதும் வேண்டும். இனி எழுதும்போது விவரத்தோடு எழுதுங்கள்.

ஏர்வாடியிலிருந்து: பாட்டிலில் 40 ரூபாய் என்று இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்ததற்கு 2 ரூபாய் சேர்த்து வாங்குகிறார்கள்.

எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. மேலே வாங்குவது தவறு. பில் வாங்கி, மாவட்டத் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள். பில் இல்லாமல் போனால் புகாரை நிரூபிப்பது கடினம்.