உள்ளங்கால் மச்சம்: போட்டோல எது தெரியும், எது தெரியாது

"எங்க அப்பச்சிக்கு உள்ளங்கால்ல மச்சம் நாலஞ்சு மாசமா பெருசாயிட்டே வருதுங்க, போட்டோ பாத்து பயப்படணுமானு சொல்லுங்க?"

படத்த விட நீங்க எழுதுன 'பெருசாயிட்டே வருது'தானுங்க எனக்கு உறுத்துது. இந்த வயசுல சாதாரண மச்சம்னா வருசக்கணக்கா மாறாம கிடக்கும், ஓரமும் ஒழுங்கா இருக்கும். இதுல ஒரு பக்கம் எலி கடிச்ச மாதிரி ஓரம், இன்னொரு பக்கம் மை ஊறுன காகிதமாட்டம் தோலோட கலங்கி போகுது, நடுவுல கருப்பு, சுத்தியும் பழுப்பு, ஒரு மூலைல சாம்பல். ஆனா அந்த சாம்பல் நெசமா இல்ல டியூப்லைட் வெளிச்சமானு என்னால சொல்ல முடியாதுங்க, வாட்ஸ்அப் வேற படத்த அமுக்கி ஓரத்த மழுக்கிடும், பக்கத்துல ஸ்கேல் வெக்காததால அளவும் புடிபடல.

வெறுங்கால்ல காட்டுல நடக்கறவங்களுக்கு ரத்தக்கட்டும் இப்படி கருப்பா தெரியும், ஆனா அது சில வாரத்துல மெல்ல மறைஞ்சிரும், வளராது. இன்னொண்ணு, உள்ளங்கால் ரேகையோட மேட்டுல நிறம் ஓடுதா பள்ளத்துல ஓடுதானு டாக்டரு டெர்மடோஸ்கோப்ங்கற, தோல பெருசாக்கி காட்டுற லென்சு வெச்சு பாப்பாங்க, மேட்டுல ஓடுனா மெலனோமாங்கற தோல் புற்றுநோய் சந்தேகம், போன் கேமராவுல அத நம்ப முடியாது. அதனால இந்த படத்த பாத்துட்டு ஒண்ணுமில்லைனு யார் சொன்னாலும் விட்றாதீங்க, இந்த வாரமே தோல் டாக்டர்ட்ட கூட்டிட்டு போங்க, தேவைன்னா அந்த எடத்து தோல எடுத்து சோதிக்கற பயாப்சி பண்ணுவாங்க. பழைய போட்டோ ஏதாச்சும் இருந்தா அதையும் கொண்டு போங்க.