பாஸ்போ ஸ்டாட்1 பேண்ட் ஏன் வரவில்லை?

கேள்வி: ஹீலா செல்களுக்கு இன்டர்ஃபெரான் காமா கொடுத்து மறுநாள் வெஸ்டர்ன் பிளாட் போட்டேன். மொத்த ஸ்டாட்1 பளிச்சென்று வருகிறது, பாஸ்போ ஸ்டாட்1 மட்டும் இல்லை. ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்குமா?

ஆன்டிபாடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். "மறுநாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, சந்தேகம் அங்கேதான். உங்கள் கைடும் ஆன்டிபாடியைத்தான் குறை சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். என் கைடும் அப்படித்தான் சொன்னார்.

பிஎச்.டி. இரண்டாம் வருடத்தில் நானும் இதையே செய்தேன். மாலை ஆறு மணிக்கு இன்டர்ஃபெரான், மறுநாள் காலை லைசேட். மூன்று முறை பிளாட் போட்டும் 701ஆவது டைரோசினில் பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்1 தெரியவே இல்லை. புது ஆன்டிபாடி வாங்கலாம் என்றார் கைடு. கோப்பில் மூன்று கையெழுத்து வாங்கவே ஒரு மாதம் ஆனது. பார்சல் வந்தது பொங்கல் விடுமுறையில். ஐஸ் பெட்டி நான்கு நாள் வாட்ச்மேன் அறையில் கிடந்திருக்கிறது. அதற்கும் என்னிடம்தான் விளக்கக் கடிதம் கேட்டார்கள். சரி, அந்தக் கதை வேண்டாம்.

இந்தச் சிக்னல் எவ்வளவு வேகமானது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. இன்டர்ஃபெரான் காமாவின் ரிசப்டருக்குச் சொந்தமாக கைனேஸ் வேலை தெரியாது. அதன் ஒரு சங்கிலியில் ஜாக்1, மற்றதில் ஜாக்2 ஒட்டிக்கொண்டிருக்கும். இன்டர்ஃபெரான் வந்து சங்கிலிகளைச் சரியாக நெருக்கிவைத்ததும் இரண்டு ஜாக்குகளும் ஒன்றையொன்று பாஸ்பேட் ஏற்றித் தூண்டுகின்றன. பிறகு ரிசப்டரின் வாலில் உள்ள ஒரு டைரோசினில் பாஸ்பேட் ஏற்றுகின்றன. ஸ்டாட்1 தன் எஸ்எச்2 பகுதியால் அதைப் பிடிக்கிறது, அங்கேயே அதன் 701ஆவது டைரோசினும் பாஸ்பேட் பெறுகிறது. அப்புறம் ரிசப்டரை விட்டுவிட்டு இன்னொரு ஸ்டாட்1ஓடு சேர்கிறது. இதன் எஸ்எச்2 அதன் பாஸ்போடைரோசினையும், அதனுடையது இதனுடையதையும் பிடித்துக்கொள்ளும். இந்த ஜோடியை இம்போர்ட்டின் ஆல்ஃபா5 உட்கருவுக்குள் கொண்டுபோகிறது. உள்ளே போனதும் TTCNNNGAA மாதிரியான டிஎன்ஏ வரிசையில் உட்கார்ந்து மரபணுக்களை இயக்குகிறது.

(பாஸ்பேட் ஏறும் முன்பே ஸ்டாட்1 வேறு வாக்கில் ஜோடியாக இருக்கும், பாஸ்பேட் இல்லாத ஸ்டாட்டும் உட்கருவுக்குள் போய்வரும் என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள். தெரியும். கேட்டவருக்குப் பேண்ட் வர வேண்டும், அதற்கு இந்த அளவு போதும்.)

இவ்வளவும் சில நிமிடங்களில் தொடங்கி அரை மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்துவிடும். அதற்குள் உட்கருவில் டிசி45 என்கிற பாஸ்படேஸ் டைரோசினிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்ற ஆரம்பித்திருக்கும், கழன்ற ஸ்டாட்1 வெளியே திரும்பிவிடும். ஸ்டாட்1 இயக்கிய மரபணுக்களில் ஒன்றான சாக்ஸ்1 ஜாக்குகளையே அடக்கிவிடும். காலையில் நான் பார்த்தது கூட்டம் கலைந்த பந்தலை. சில செல்களில் மறுநாளும் மங்கலாக மிச்சம் இருக்கும், அதை நம்பி சோதனை போட முடியாது.

சிக்னல் வந்துபோனதா, வரவே இல்லையா என்று உங்கள் பிளாட்டிலேயே பார்த்துவிடலாம். ஸ்டாட்1 மரபணுவையும் இன்டர்ஃபெரான் கூட்டும். அதனால் மொத்த ஸ்டாட்1 பேண்ட், இன்டர்ஃபெரான் கொடுக்காத கிணற்றைவிட மறுநாள் கிணற்றில் தடிப்பாக இருந்தால், இன்டர்ஃபெரானும் ரிசப்டரும் வேலை செய்திருக்கின்றன. என்னுடையதில் அப்படித்தான் இருந்தது. மூன்று பிளாட்டிலும் கண்ணெதிரே இருந்ததை லோடிங் கோளாறு என்று ஒதுக்கிவிட்டேன். ஆக்டின் பேண்ட் எல்லாக் கிணற்றிலும் ஒரே அளவில் இருந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த முறை 0, 15, 30, 60 நிமிடம், 4 மணி, 24 மணி என்று எடுங்கள். நேரம் முடிந்ததும் தட்டை ஐஸில் வைத்து, குளிர்ந்த பஃபரால் கழுவி, அங்கேயே லைசிஸ் பண்ணுங்கள். பஃபரில் சோடியம் ஆர்த்தோவனடேட் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லிலிருந்து வெளிவந்த பாஸ்படேஸ்கள் டியூபிலேயே பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். வனடேட்டை pH 10இல் வைத்து, மஞ்சள் நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியதும் pH சரிபார்க்க வேண்டும். மஞ்சளாகவே ஊற்றினால் அது பாதி வேலைகூடச் செய்யாது. எங்கள் லேபில் சீனியர் வைத்துவிட்டுப் போன பாட்டில் நல்ல மாம்பழ நிறத்தில் இருந்தது, யாரும் கேள்வி கேட்கவில்லை.

பிளாக்கிங்கிற்குப் பால் பவுடர் வேண்டாம். பாலில் உள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம், பாஸ்போ ஆன்டிபாடிக்குப் பின்னணி கறுக்க வாய்ப்பு உண்டு. பிஎஸ்ஏ போடுங்கள்.

30 நிமிடக் கிணற்றிலும் பேண்ட் வராவிட்டால் அப்போது ஆன்டிபாடியைச் சந்தேகப்படலாம். அப்போதும் முதலில் வனடேட் பாட்டிலின் நிறத்தைப் பார்த்துவிட்டு.