கோழி பொரிக்கும்போது மாவு உதிராமல் இருக்க

கேள்வி: கோழி பொரிக்கும்போது மேலே போட்ட மசாலா மாவு எண்ணெயிலேயே கழன்று போகிறது. கடையில் கிடைப்பது போல மொறுமொறுப்பாக, ஒட்டியே இருக்க என்ன செய்ய வேண்டும்?

அடுத்த முறை பொரித்து முடித்ததும் குவாலியின் அடியைப் பாருங்கள். மணல் போலக் கருகிய தூள் படிந்திருந்தால் மாவு சரியாக நனையாமல் எண்ணெய்க்குள் போயிருக்கிறது. ஓடு ஓடாக, துண்டு துண்டாகக் கிடந்தால் மாவுக்கும் தோலுக்கும் நடுவே தண்ணீர் இருந்திருக்கிறது. முக்கால்வாசி வீடுகளில் இரண்டாவதுதான் நடக்கிறது. எனக்கும் அதுதான் நடந்தது.

பட்டர்வொர்த்தில் ஒரு தீபாவளிக்கு மூன்று கிலோ கோழியை முந்தின இரவே மசாலா போட்டு ஐஸ்பெட்டியில் வைத்திருந்தேன். காலையில் திறந்தால் டப்பாவின் அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். விருந்தினர் வரும் நேரம். சொட்டச் சொட்ட எடுத்து மாவில் புரட்டி நேரே எண்ணெயில் போட்டேன். பார்க்க அழகாகத்தான் சிவந்தது. ஜல்லிக் கரண்டியால் தூக்கினால் கோழி மட்டும் வருகிறது, மாவு குவாலியிலேயே நிற்கிறது. மாமியார் எட்டிப் பார்த்து, "குளிச்சிட்டு வந்த புள்ள சட்டை போடாம நிக்குதும்மா" என்றார். மூன்றாவது ஈடு வரும்போது உதிர்ந்த மாவெல்லாம் கருகி, கோழி முழுக்கக் கறுப்புப் புள்ளி, லேசான கசப்பு வேறு.

காரணம் எளிது. உப்பு கோழியிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். அந்தத் தண்ணீர் தோல் மேல் நிற்கும்போது மாவு போட்டால் வெளிப்புறம் காய்ந்தும் உட்புறம் ஈரமாகவும் இருக்கும். சூடான எண்ணெயில் விழுந்தவுடன் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மாவை வெளியே தள்ளிவிடும். ஆகவே தோலுக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது, பசை இருக்க வேண்டும்.

ஒரு கிலோவுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். கறிக்கு வெட்டுவது போல வேண்டாம், பொரிக்க வேண்டும் என்று பாசாரில் சொல்லி எட்டு, ஒன்பது துண்டாக வாங்குங்கள். 15 கிராம் உப்பு (தூள் உப்பானால் இரண்டரைத் தேக்கரண்டி), ஒன்றரை மேசைக்கரண்டி மிளகாய்த் தூள், இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு மேசைக்கரண்டி சோம்புத் தூள், கொஞ்சம் சீரகம், மஞ்சள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். நான்கு மணி நேரம் ஊறினால் போதும், இரவு முழுக்க என்றால் இன்னும் நல்லது.

ஊறியதும் எல்லாவற்றையும் வடிகட்டியில் கொட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். வடிந்த மசாலாத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது. இனி கோழியில் ஒரு முட்டையும் மூன்று மேசைக்கரண்டி சோள மாவும் போட்டுப் பிசையுங்கள். தோசை மாவு போல வழிந்தால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி சோள மாவு சேருங்கள். விரலால் தொட்டு எடுத்தால் பிசின் போல இழுக்க வேண்டும், அதுதான் பதம்.

மேல் மாவுக்கு இரண்டு கப் கோதுமை மாவு (சப்பாத்திக்குப் போடும் ஆட்டா அல்ல, வெள்ளை மாவு), அரை கப் அரிசி மாவு, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுத் தூள். கோதுமை மாவு பிடித்துக்கொள்ளும், அரிசி மாவு மொறுமொறுப்பு தரும். அரிசி மாவை அளவுக்கு மேல் போட்டால் கடிக்கும்போது கடினமாக உடைந்து கொட்டும். மிளகாய்த் தூளை இந்த மாவில் போட மாட்டேன். எண்ணெயில் முதலில் கருகுவது அதுதான், அதனால் காரம் கோழிக்குள்ளேயே இருக்கட்டும்.

எடுத்து வைத்த மசாலாத் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டியை மாவில் தெளித்து, புட்டு மாவு பிசிறுவது போல விரல் நுனியால் பிசிறுங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் வரும். கடைக் கோழியில் மேலே கரடுமுரடாகத் தெரிவது இப்படித்தான் வருகிறது. பச்சைக் கோழித் தண்ணீர் பட்ட மாவு, ஆகவே மிஞ்சினால் எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

கோழியை மாவில் உருட்டினால் போதாது. உள்ளங்கையால் அழுத்துங்கள், தோல் மடிப்பை விரித்து உள்ளேயும் அழுத்துங்கள், பிறகு ஒரு தட்டுத் தட்டி உதறுங்கள். அடுத்து வருவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: கம்பித் தட்டில் அடுக்கி இருபது நிமிடம் சும்மா விடுங்கள். மாவு கீழே உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெள்ளையாகத் தெரிந்த இடமெல்லாம் மங்கி ஈர மண் நிறத்துக்கு வந்தால் எண்ணெய்க்குத் தயார். எங்காவது இன்னும் வெள்ளையாக இருந்தால், அங்கே இருப்பது குவாலியின் அடியில் கருகப் போகும் தூள். விரலை நனைத்து அந்த இடத்தில் அழுத்திவிடுங்கள். ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மேலே கூழாகிவிடும். மாவு போட்ட பிறகு ஐஸ்பெட்டியில் வைப்பதும் வேண்டாம். வெளியே எடுத்தவுடன் வியர்த்து மறுபடியும் தண்ணீர்ப் பிரச்சினைதான்.

எண்ணெய் 170 டிகிரி. அளக்கக் கருவி இல்லையென்றால் மரக் குச்சியை நட்டுப் பாருங்கள், அதைச் சுற்றிச் சிறு குமிழி விடாமல் வர வேண்டும். ஒரு ஈட்டுக்கு நான்கு துண்டு போதும், நிறையப் போட்டால் சூடு இறங்கி மாவு எண்ணெய் குடிக்கும். முதல் மூன்று நிமிடம் கரண்டியைத் தொடவே கூடாது, மாவு இறுகும் நேரம் அது. கால், தொடைத் துண்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு நிமிடம் ஆகும். ஆரம்பத்தில் சலசலவென்று வரும் சத்தம் அடங்கி, குமிழி சிறுத்தால் வெந்து வருகிறது என்று அர்த்தம். கருவி இருந்தால் எலும்பை ஒட்டி 74 டிகிரி. கறிவேப்பிலையைக் கடைசி அரை நிமிடத்தில் போடுங்கள். ஈட்டுக்கு ஈடு மிதக்கும் தூளை அரித்து எடுங்கள்.

எங்கள் தாமானில் நாசி கடை போடும் மக்சிக்கின் கோழியில் உதிர்ந்த தூள்தான் ருசியே. லெங்குவாஸும் செராயும் இடித்துச் சேர்த்து, அந்தச் 'செர்டாக்'கைச் சோற்றுக்கு மேல் தூவித் தருவார். அதை மனதில் வைத்துக் கேட்டிருந்தால் இந்த முறை உதவாது, அது வேறு சமையல்.

எடுத்த கோழியைக் காகிதத்தில் போடாதீர்கள், கீழ்ப்பக்கம் ஆவியில் ஊறிப்போகும். கம்பித் தட்டிலேயே வையுங்கள், மேலே மூடாதீர்கள். விருந்தினர் தாமதமானால் 190 டிகிரியில் ஒரு நிமிடம் மறுபடி பொரித்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். தாப்பாவ் கட்டிக் கொடுப்பதானால் கோழியைக் குழம்போடு ஒரே டப்பாவில் போடாமல் தனியாக வைத்து, வீடு போய்ச் சேரும் வரை மூடியைப் பாதி திறந்தே வைக்கச் சொல்லுங்கள்.