ஒரே சராசரி, வெவ்வேறு நீளத்தில் இரு பெட்டிகள்

"கணக்குத் தேர்வில் 'அ' பிரிவுக்கும் என் 'ஆ' பிரிவுக்கும் சராசரி 60தான். நீங்கள் அனுப்பிய பெட்டி வரைபடத்தில் என் வகுப்பின் பெட்டி மட்டும் ஏன் இவ்வளவு நீளம்? அதற்குள் அதிகப் பிள்ளைகள் இருக்கிறார்களா?"

இல்லை, ஆசிரியரே. பெட்டியின் நீளம் தலைகளை எண்ணுவதில்லை; மதிப்பெண்கள் எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்பதையே காட்டுகிறது. உங்கள் 11 பிள்ளைகளையும் ஏறுவரிசையில் நிறுத்தினால் 28, 31, 34, 38, 45, 66, 78, 82, 84, 86, 88 என்று வரும். ஆறாவதாக நிற்கும் 66தான் பெட்டிக்குள் உள்ள குறுக்குக் கோடு. அதற்குக் கீழுள்ள ஐவரில் நடுவிலிருப்பவரின் 34 பெட்டியின் அடி விளிம்பு, மேலுள்ள ஐவரில் நடுவிலிருப்பவரின் 84 மேல் விளிம்பு. வெளியே நீளும் கோடுகள் 28, 88 ஆகியவற்றைத் தொடுகின்றன. 'அ' பிரிவில் பெட்டி 57இலிருந்து 63 வரை மட்டுமே. இரண்டிலும் மூன்றாம் இடம் முதல் ஒன்பதாம் இடம் வரையுள்ள எழுவர்தான் இருக்கிறார்கள். அங்கே 6 மதிப்பெண் தூரத்துக்குள், இங்கே 50 மதிப்பெண் தூரத்துக்குள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்தப் பெட்டியும் ஒன்றை மறைக்கும். 34 முதல் 84 வரை ஒரே வண்ணம் பூசியிருப்பதைப் பார்ப்பவர், 50ஐ ஒட்டியும் சிலர் இருப்பார்கள் என்றே நினைப்பார்; உண்மையில் 45க்கும் 66க்கும் இடையே ஒருவரும் இல்லை. எனவே ஒவ்வொரு மதிப்பெண்ணையும் ஒரு புள்ளியாகப் பெட்டியின் மேலேயே வையுங்கள். நடுவில் வெற்றிடம் தெரிந்தால், 60 பெறும் பிள்ளையை மனத்தில் வைத்து மறுபயிற்சி நடத்தாதீர்கள். அப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் இல்லை. கீழுள்ள ஐவரின் விடைத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாரும் விட்டுவிட்ட கணக்கு எது என்று பாருங்கள்.

பயிற்சிப் புத்தகமும் மென்பொருளும் விற்க வருபவர்கள் "சராசரியை 5 உயர்த்தினோம்" என்று வண்ணப்படம் காட்டுவார்கள். உங்கள் வகுப்பில் மேலுள்ள ஐவர் மட்டும் ஆளுக்கு 11 கூடுதலாக எடுத்தாலே சராசரி 65 ஆகிவிடும். கீழுள்ள ஐவர் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். முன்னும் பின்னும் பெட்டியின் அடி விளிம்பு எங்கே இருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் படம் அவர்கள் பையில் இராது. மேலிடத்துப் படிவமும் இவர்களுக்குத்தான் துணை. அதில் சராசரிக்கு ஒரு கட்டம், தேர்ச்சி விழுக்காட்டுக்கு ஒரு கட்டம், அவ்வளவே. பரவலை எழுத இடம் கேட்டுச் சலித்துவிட்டேன்.

தேர்வுக்கு வராத பிள்ளைக்குப் பூச்சியம் போடாதீர்கள். பன்னிரண்டாவதாக ஒரு பூச்சியம் சேர்ந்தால் சராசரி 55க்குச் சரியும், கீழ்க்கோடும் தரையைத் தொடும். அந்தப் பிள்ளையின் மதிப்பெண் கட்டத்தை வெறுமையாக விட்டு, 'வரவில்லை' என்று ஓரத்தில் எழுதி அனுப்புங்கள்.