ஐசியூ சான்றிதழுக்கு ஒன்றே முக்கால் லட்சம் கட்டலாமா?

"ஹட்டன் பக்கம் ஒரு ஆதார வைத்தியசாலையில் நான்கு வருடமாகத் தாதி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன், மூன்றாம் தரம். மெடிக்கல் வாட்டில்தான் டியூட்டி. கண்டியில் ஒரு தனியார் நிலையம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு மாத 'கிரிட்டிக்கல் கெயர்' சான்றிதழ் வகுப்பு நடத்துகிறது, கட்டணம் 1,75,000 ரூபாய். அதை முடித்தால் சம்பளம் கூடுமா? கண்டிக்கு மாற்றம் கிடைக்குமா? பிறகு சவுதிக்கோ இங்கிலாந்துக்கோ போக உதவுமா?"

தங்கச்சி, இப்போதைக்கு அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். ஐசியூ படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐசியூவில் ஒரு நாள் கூட நிற்காமல் அந்தச் சான்றிதழை எடுத்தால், நீங்கள் கேட்ட மூன்றில் எதற்கும் அது பெரிதாக உதவாது என்பதால்தான் சொல்கிறேன்.

முதலில் சம்பளம். அரச தாதியின் அடிப்படைச் சம்பளத்தைத் தீர்மானிப்பது தரமும் சேவைக் காலமும்தான். மெடிக்கல் வாட்டில் நிற்பவருக்கும் ஐசியூவில் நிற்பவருக்கும் ஒரே சம்பளத் திட்டம். மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று ஏறுவதற்குச் சேவைக் காலம், வினைத்திறன் காண் தடைப் பரீட்சை, ஒழுங்கான ஊதிய உயர்வுகள் ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். வெளியில் காசு கொடுத்து எடுத்த சான்றிதழ் உங்கள் சுய விபரக் கோவைக்குள் போகும், அவ்வளவுதான். சம்பளச் சீட்டில் ஒரு வரி கூட மாறாது. ஐசியூவில் கையில் வரும் தொகை கூடுதலாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் ஆள் பற்றாக்குறையால் கூடும் ஓ.டி.யும் விடுமுறை நாள் டியூட்டியும்தான்.

இந்த இடத்தில் மலையகப் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2007க்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் இரண்டாவது அரசகரும மொழித் தேர்ச்சியைக் குறித்த காலத்துக்குள் பெற வேண்டும். தமிழில் படித்து வந்த நமக்கு அது சிங்களம். வாட்டில் நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறோமே என்று நினைத்து அந்தப் பரீட்சையைத் தள்ளிப் போடுபவர்கள் நிறையப் பேர். ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டு, தர உயர்வும் பின்தள்ளப்பட்ட பிறகுதான் விழித்துக்கொள்கிறார்கள். நான்கு வருடச் சேவையில் நீங்கள் அதை இன்னும் முடிக்கவில்லை என்றால், உங்கள் சம்பளத்தை நிஜமாக நகர்த்தும் சான்றிதழ் அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளை முதலில் அதற்குக் கொடுங்கள்.

அடுத்தது மாற்றம். வருடாந்த இடமாற்றத்தில் பேசுவது எத்தனை வருடம் எந்த இடத்தில் இருந்தீர்கள் என்பதும், உங்கள் இடத்துக்குப் பதில் ஆள் வருகிறாரா என்பதும். கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போன்றவை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருக்கின்றன, ஆதார வைத்தியசாலைகளில் பல மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ். உங்கள் வைத்தியசாலை எதில் சேர்ந்தது என்று அலுவலகத்தில் கேளுங்கள். மாகாணத்தில் இருந்தால் மத்திக்குப் போக விடுவிப்புக் கடிதமும் தேவைப்படும், அது இன்னொரு படி.

ஐசியூ பயிற்சி இருந்தால் மாற்றம் சுலபம் என்று பலர் நம்புகிறார்கள். என் அனுபவம் நேர்மாறாகத்தான் இருந்தது. நான் அமைச்சின் மூலம் ஐசியூ பயிற்சி எடுத்துத் திரும்பிய பிறகு, அம்மாவின் சுகயீனம் காரணமாக ஊருக்குப் பக்கத்தில் மாற்றம் கேட்டேன். மாற்றம் வந்தது, ஆனால் விடவில்லை. "பயிற்சி பெற்ற இன்னொருவர் வந்தால்தான் விடுவோம்" என்றார்கள். ஏறக்குறைய மூன்று வருடம் அந்தக் கடிதத்தோடு அலைந்தேன். அதே வருடம் மாற்றம் கிடைத்த மெடிக்கல் வாட்டுத் தோழி இரண்டு மாதத்தில் போய்விட்டாள். சிறப்புப் பயிற்சி உங்களை அந்தப் பிரிவோடு கட்டிவிடும். அந்த வேலையை விரும்பினால் அது நல்லது, ஊர் மாறத்தான் படிக்கிறீர்கள் என்றால் அது தடை.

அரசுக்குள் மதிப்புள்ள ஐசியூ பயிற்சி, அமைச்சே விண்ணப்பம் கோரி வைத்தியசாலைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் பயிற்சிதான். நீங்கள் காசு கட்ட வேண்டியதில்லை, சம்பளமும் வந்துகொண்டிருக்கும். அதற்குப் பதிலாக, பயிற்சிக்குப் பிறகு இத்தனை காலம் வேலை செய்வேன் என்று கையெழுத்து வைக்கச் சொல்லலாம். அந்தக் காலத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். வெளிநாட்டு யோசனை இருப்பவருக்கு அது முக்கியம். இந்த அறிவித்தல் மேட்ரன் அலுவலகப் பலகையில் சில நாட்கள்தான் தொங்கும், இரவு டியூட்டி முடித்து நேராகப் பஸ்ஸுக்கு ஓடுபவர்கள் பார்ப்பதே இல்லை.

சரி, வெளிநாடு. ஐசியூ என்ற சொல்லுக்குக் காசு இருப்பது அங்கேதான். ஆனால் அவர்கள் வாங்குவது அனுபவத்தை. சவுதிக்குப் போகிறவரின் தகைமை, பதிவு, அனுபவம் எல்லாவற்றையும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் அவற்றைக் கொடுத்த இடத்துக்கே எழுதிச் சரிபார்க்கும். தாதியர் சபை பதில் சொல்லும், உங்கள் வைத்தியசாலை பதில் சொல்லும். மாடியில் இரண்டு அறை எடுத்து வகுப்பு நடத்திய நிலையம் இரண்டு வருடத்தில் மூடியிருந்தால் யார் பதில் சொல்வது? சரிபார்க்க முடியாத ஒரு தாளைக் கோப்பில் வைத்தால், அது பயனில்லாமல் போவதோடு நிற்காது, நல்ல தாள்களையும் தாமதப்படுத்தும்.

அங்கே தரம் பிரிப்பதும் வேறு விதம். தாதியரைப் பதிவு செய்யும் சவுதி ஆணைக்குழு டிப்ளோமாக்காரரை டெக்னீஷியன் என்றும், பட்டதாரியை ஸ்பெஷலிஸ்ட் என்றும் வகைப்படுத்துகிறது. ஆறு மாதச் சான்றிதழ் இந்தக் கோட்டைத் தாண்ட வைக்காது, தாதியர் பட்டம் தாண்ட வைக்கும். இங்கிலாந்திலும் இதே கதைதான். ஐஇஎல்டிஎஸ்ஸில் மொத்தம் 7, எழுத்தில் மட்டும் குறைந்தது 6.5, பிறகு கணினிப் பரீட்சை, அங்கே போய் ஓஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. எல்லாம் முடித்தால் பேண்ட் 5, அதாவது அங்கே அரச வைத்தியசாலையில் புதிய தாதி தொடங்கும் சம்பளப் படி. நீங்கள் கொண்டுபோகும் ஐசியூ சான்றிதழ் பேண்ட் 6 தராது. அவர்கள் ஐசியூவில் சேர்ந்த பிறகு அவர்களே ஒரு படிப்புக்கு அனுப்புவார்கள், அதுதான் அங்கே செல்லும்.

நேர்முகத்தில் என்ன நடக்கும் என்று காட்டுகிறேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த இரண்டு பிள்ளைகள் ஒரே வளைகுடா வைத்தியசாலைக்கு முகம் கொடுத்தார்கள். ஒருத்தியிடம் அழகான சான்றிதழ், ஐசியூ அனுபவம் இல்லை. மற்றவள் சான்றிதழ் எதுவும் இல்லாமல் இரண்டரை வருடம் ஐசியூவில் நின்றவள். கேள்வி இதுதான்: அறுபது கிலோ நோயாளி, 50 மில்லிலீற்றர் சிரிஞ்சில் 4 மில்லிகிராம் நோரட்ரினலின், கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் போக வேண்டும், பம்பில் எவ்வளவு வைப்பீர்கள்?

கணக்கு கஷ்டமில்லை. 4 மில்லிகிராம் என்பது 4000 மைக்ரோகிராம், 50ஆல் வகுத்தால் ஒரு மில்லிலீற்றரில் 80. நோயாளிக்கு நிமிடத்துக்கு 6, மணிக்கு 360. 360ஐ 80ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மில்லிலீற்றர். இரண்டு பேரும் சரியாகச் சொன்னார்கள். அடுத்த கேள்வியில்தான் வித்தியாசம் தெரிந்தது: "சிரிஞ்ச் முடியப் போகிறது, எப்படி மாற்றுவாய்?" முதலாமவள், முடிந்ததும் புதிதைப் போடுவேன் என்றாள். இரண்டாமவள், புதிய சிரிஞ்சை முன்பே நிரப்பி இரண்டாவது பம்பில் ஓடவிட்டு, பிரஷர் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே பழையதைக் குறைப்பேன் என்றாள். அந்த மருந்தின் வேலை ஓரிரு நிமிடத்தில் தீர்ந்துவிடும், இடைவெளி விட்டால் பிரஷர் கண் முன்னே இறங்கும். அதைக் கட்டில் பக்கத்தில் ஒரு தடவை பார்த்தவள் மறக்க மாட்டாள். வேலை யாருக்குக் கிடைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் உங்கள் வழி இப்படி இருக்கட்டும். உங்கள் வைத்தியசாலையில் ஐசியூவோ எச்டியூவோ இருந்தால், மேட்ரனிடம் எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டது பட்டியல் போடும்போது நினைவில் இருக்காது. இல்லாவிட்டால் ஐசியூ உள்ள வைத்தியசாலையிலிருந்து உங்கள் பக்கம் வர விரும்பும் ஒருவரோடு பரஸ்பர மாற்றம் தேடுங்கள். பதில் ஆள் பிரச்சினை அதில் இல்லை, அதனால் அது விரைவாக நகரும். உள்ளே போன நாளிலிருந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: வென்டிலேட்டரில் இருந்த நோயாளியைத் தனியே பார்த்த டியூட்டி, ஆர்டீரியல் லைன், டயலிசிஸ், நீங்கள் நின்ற சிபிஆர். நோயாளியின் பெயர் வேண்டாம், திகதியும் செய்த வேலையும் போதும். ஏசிஎல்எஸ் எடுப்பதானால் விண்ணப்பிக்கும் வருடத்தில் எடுங்கள், அது இரண்டு வருடம்தான் செல்லும். இப்போது எடுத்தால் தேவைப்படும்போது காலாவதியாகியிருக்கும்.

அந்த ஒன்றே முக்கால் லட்சத்தைப் படிப்பில் போடத்தான் வேண்டும் என்றால், திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியர் பட்டத்தை விசாரியுங்கள். பதிவு பெற்ற தாதியருக்காகவே நடத்துகிறார்கள், கண்டிப் பக்கம் பொல்கொல்லையில் அவர்களுக்கு நிலையம் இருக்கிறது. ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், வருடக் கணக்கில் இழுக்கும், டியூட்டியோடு களைத்துப் போவீர்கள். ஆனால் டேட்டாஃப்ளோ எழுதிக் கேட்டால் பதில் சொல்லும் இடம் அது, வகைப்படுத்தலையும் அது மாற்றும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அரச வேலையை விட்டுக் கொழும்பிலோ கண்டியிலோ பெரிய தனியார் வைத்தியசாலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், அங்கே ஐசியூ தாதிக்குத் தனியாக ஒரு கொடுப்பனவு தரும் இடங்கள் உண்டு. அப்போதும் முதலில் அந்த வைத்தியசாலையின் தாதியர் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்து, நிலையத்தின் பெயரைச் சொல்லி, "இந்தச் சான்றிதழை ஏற்கிறீர்களா, எவ்வளவு தருவீர்கள்?" என்று கேளுங்கள். நிலையத்திடமும் ஒன்று கேளுங்கள்: எந்த ஐசியூவில், எத்தனை மணித்தியாலம், யாருடைய மேற்பார்வையில் நிற்க விடுவார்கள் என்று. ஞாயிறு வகுப்பு மட்டும்தான், கட்டில் பக்கம் கிடையாது என்றால் கட்டாமல் திரும்பி வாருங்கள்.

கடைசியாக, அனுபவக் கடிதம். ஐசியூவில் இரண்டு வருடம் முடிந்து கடிதம் கேட்கும்போது, "தாதி உத்தியோகத்தராகக் கடமையாற்றினார்" என்று மட்டும் எழுதித் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவு என்ற பெயர், அதன் கட்டில் எண்ணிக்கை, நீங்கள் அங்கே இருந்த தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும், முழுநேரம் என்ற சொல், பணிப்பாளர் அல்லது வைத்திய அத்தியட்சகரின் கையொப்பமும் முத்திரையும் அதில் இருக்க வேண்டும். நீங்களே ஒரு மாதிரியைத் தட்டச்சு செய்து கொண்டுபோனால் எழுதுவினைஞருக்கும் வேலை குறையும், அடுத்த வாரம் வா என்ற பேச்சும் குறையும்.