விசா கேன்சல் பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

"துபாயில் கம்பனி என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. விசா கேன்சல் பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் எத்தனை நாள் இருக்கலாம்? போடாமல் வெளியே வேலை பார்த்தால் என்ன?"

நீங்களும் ரூமில் படுத்துக்கொண்டுதான் இதைக் கேட்டிருப்பீர்கள். ஊரில் நகை அடகில் இருக்கும், வீட்டுக்கு இன்னும் சொல்லியிருக்க மாட்டீர்கள். 2024 மே மாதம் நான் அப்படித்தான் கிடந்தேன்.

நான் வக்கீல் இல்லை, களுவாஞ்சிக்குடிக்காரன். அல் கூஸில் ஒரு கம்பனியின் ஸ்டோரில் நின்றவன். நான் சொல்வது சாதாரண கம்பனி விசாவுக்குத்தான். ஃப்ரீ ஸோனில் வழி வேறு, வீட்டு வேலைக்குப் போனவர்களுக்குச் சட்டமே வேறு. சவூதியிலும் கட்டாரிலும் இப்படி இல்லையே என்று கீழே சண்டைக்கு வராதீர்கள், அங்கே இப்படி இல்லைதான்.

எனக்கு அடிப்படைச் சம்பளம், அதாவது பேசிக், 1,200 திர்ஹம், எல்லாம் சேர்த்து 1,800. 2020 பெப்ரவரியில் போனேன், கொரோனா காலத்தையும் அங்கேயே தாண்டினேன். நாலு வருடமும் மூன்று மாதமும் ஆனபோது ஒரு நாள் கம்பனியின் விசா வேலைகளைப் பார்க்கும் பிஆர்ஓ கேம்புக்கே வந்து ஒரு பேப்பரை நீட்டினார். "சைன் பண்ணு, 2,500 தருவோம், அடுத்த கிழமை ஃப்ளைட்" என்றார். பேனாவைக்கூட அவரே தந்தார். நானும் வாங்கிவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் சம்மாந்துறை நானா ஒருவர் இருந்தார். பதினாறு வருடம் அங்கே கிடந்த மனிதர். "மனே, பொறு. வாசிச்சுப் பார்த்தியா?" என்று பேப்பரை இழுத்து எடுத்தார். அரபியும் ஆங்கிலமும் கலந்த பேப்பர். அதில் இரண்டு இடத்தை விரலால் காட்டினார். ஒன்று, எனக்கு வரவேண்டிய எல்லாம் வந்துவிட்டது, இனிப் பாக்கி இல்லை என்ற வரி. மற்றது, வேலை முடிந்த காரணம். அதில் நானே ராஜினாமா செய்ததாக இருந்தது.

நம்மாட்கள் ஏமாறுவது இங்கேதான். கேன்சல் பேப்பரை விசா முடிகிற பேப்பர் என்று நினைக்கிறோம். அது காசு வாங்கிய ரசீதும்கூட. அதைப் போட்டுக் கொடுத்த பிறகு எந்தக் கந்தோரில் போய் என்ன சொன்னாலும், அந்தக் கையெழுத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

நானா அன்று இரவு ஒரு சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பேசிக் 1,200 என்றால் ஒரு நாளுக்கு 40. முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் சேவைக்கால காசாகத் தரவேண்டும். அது 840. நாலே கால் வருடத்துக்கு 3,570. முன்னறிவித்தல் இல்லாமல் நிறுத்தியதால் ஒரு மாத முழுச் சம்பளம் 1,800. எடுக்காத லீவு 12 நாளுக்கு 480. மொத்தம் 5,850. அவர்கள் நீட்டியதோ 2,500!

ராஜினாமா என்ற சொல்லுக்கு வேறொரு விலையும் இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து அங்கே வேலை இழப்புக் காப்புறுதி கட்டாயம். என் சம்பளத்துக்கு மாதம் 5 திர்ஹம்தான். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்தால், வேலை போனபின் பேசிக்கில் 60 வீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். எனக்கு அது மாதம் 720. ஆனால் நீங்களே விட்டதாக எழுதியிருந்தால் ஒரு சதமும் இல்லை. ஒழுங்கு நடவடிக்கையில் நிறுத்தியிருந்தாலும் அப்படித்தான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த நாள் பிஆர்ஓ, "அப்ஸ்காண்ட் போடுவேன்" என்றார், ஓடிப்போனதாக முறையிடுவேன் என்று அர்த்தம். தொடர்ந்து ஏழு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வரவில்லை என்றால்தான் கம்பனி அப்படி முறையிடலாம். அதனால் நான் தினமும் ஸ்டோர் வாசலுக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வாசலில் நின்று படம் எடுத்தேன், மேலாளருக்கு "வந்து நிற்கிறேன்" என்று வாட்ஸ்அப் போட்டேன். பைத்தியக்காரன் மாதிரி ஒன்பது நாள். சிரித்தவர்களும் உண்டு, சிரிக்கட்டும்.

கூடவே தொழில் அமைச்சின் செயலியில் முறைப்பாடு போட்டேன், தமிழ் தெரிந்த ஒரு டைப்பிங் கடைக்காரர் எழுதித் தந்தார். அமைச்சு முதலில் இரண்டு பக்கத்தையும் போனில் கூப்பிட்டுச் சமாதானம் பேசும், அதற்கு 14 நாள். கம்பனி லீவுக் காசைத் தர மறுத்தது, நான் அதை விட்டுவிட்டேன். விட்டிருக்கக்கூடாது என்பவர்கள் அந்த வெயிலில் ஒன்பது நாள் நின்றுவிட்டு வந்து சொல்லுங்கள். 5,370 கணக்கில் விழுந்த பிறகு, காரணம் திருத்திய புதுப் பேப்பரில் கையெழுத்துப் போட்டேன்.

இனி நீங்கள் கேட்ட நாள் கணக்கு. முதலில் வேலை அனுமதி கேன்சலாகும், மறுகாதான் குடியிருப்பு விசா கேன்சலாகும். அதற்குப் பிறகு நாட்டில் இருக்கத் தரும் சலுகை நாட்கள் இந்த இரண்டாவதிலிருந்துதான் ஓடத் தொடங்கும், கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தோ வேலைக்குப் போன கடைசி நாளிலிருந்தோ அல்ல. முன்பு எல்லோருக்கும் 30 நாள் என்றிருந்தது, 2022 அக்டோபரில் மாற்றினார்கள். இப்போது வேலை வகையைப் பொறுத்து 180 வரை போகும். எனக்கு 60. ரூமில் யாரோ சொன்ன எண்ணை நம்பாதீர்கள், கேன்சல் ஆன பேப்பரில் இருக்கும் கடைசித் தேதிதான் உங்கள் தேதி. அதைத் தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். அந்த நாட்களுக்குள் வேறு கம்பனி புது அனுமதி எடுத்தால் நாட்டை விட்டு வெளியே போகாமலே மாறலாம். நான் ஷார்ஜாவில் இரண்டு இடம் ஏறி இறங்கினேன், சரிவரவில்லை. காப்புறுதிக்கு 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நான் போட்டேன், இரண்டு தடவை 720 வந்தது. ஊருக்கு வந்தால் அது நின்றுவிடும். 52ஆம் நாள் ஃப்ளைட் ஏறினேன். டிக்கெட் கம்பனிக் காசு. வேலை முடிந்தது நம் பிழையால் இல்லையென்றால், அங்கேயே வேறு வேலையில் சேராவிட்டால் அது அவர்கள் பொறுப்பு.

கையெழுத்தும் போடாமல் வெளியே வேலை பார்த்தால் என்ன ஆகும் என்பதையும் கண்ணால் பார்த்தேன். எங்கள் ரூமில் இருந்த அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவன் அப்படிச் செய்தான். ஒரு கஃபட்டீரியாவில் தட்டுக் கழுவினான். கம்பனி அப்ஸ்காண்ட் போட்டது. அனுமதி இல்லாத ஆளை வைத்திருந்தால் முதலாளிக்குப் பெரிய அபராதம் என்பதால் கஃபட்டீரியாக்காரரும் இரண்டு மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டு விரட்டினார். யாரிடம் போய் முறையிடுவான்? 2024 செப்டம்பரில் பொதுமன்னிப்பு தொடங்கியபடியால் அபராதமும் தடையும் இல்லாமல் வீடு வந்தான். அது வராவிட்டால் அவன் கதை என்னவோ.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். திரும்பி வந்து கொழும்பில் ஒரு கந்தோருக்குத் தமிழில் கடிதம் எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் சிங்களத்தில் வந்தது. அதை வாசிக்க வைக்க ஓட்டோ பிடித்து மட்டக்களப்புக்குப் போனேன். வாசித்தால், "உரிய படிவத்தில் அனுப்பவும்" என்ற ஒரு வரிதான். துபாயில் அரபு தெரியாத எனக்குத் தமிழில் கேட்டு எழுதித் தர ஆள் இருந்தது.

சரி. உங்கள் பேப்பரில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? அதையும் உங்கள் பேசிக்கையும் நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்த வருடத்தையும் கீழே போடுங்கள், கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பேனாவைத் தொடவேண்டாம், வேலைக்குப் போவதையும் நிறுத்த வேண்டாம்.