மத்தியானத் தூக்கமும் ஐந்து மணிக் கோப்பியும்

"வீட்டில் இருந்து ஏ.எல். படிக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டால் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை ஒன்றும் ஏறுவதில்லை. பிளேன்டீ, கோப்பி எல்லாம் குடித்துப் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?"

உப்புவெளியில் இருந்து வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த காலத்தில் எனக்கும் இதே கதைதான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இன்னும் மோசம்.

பிற்பகல் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் உடம்பு கொஞ்சம் மந்தமாவது இயல்பு. சாப்பிடாமல் இருந்தாலும் வரும். தட்டு நிறையச் சோறு தின்றால் கூடும். முதல் நாள் நித்திரை குறைந்திருந்தால் தாங்கவே முடியாது. என்னுடைய கோளாறு அந்தக் கடைசியில்தான் இருந்தது. மூன்று மணிக்குத் தூங்கி விழுந்து, ஐந்து மணிக்குக் கடும் கோப்பி குடிப்பேன். உடம்பில் போன கஃபீனில் பாதி கழியவே சராசரியாக ஐந்து மணித்தியாலம் ஆகும். அதாவது பத்து மணிக்குப் படுக்கும்போது அரைக் கோப்பி குடித்த மாதிரி. படுத்து நித்திரை வந்தாலும் ஆழமாக வராது. மறுநாள் மத்தியானம் அதற்குப் பலன் கிடைக்கும். திரும்பவும் ஐந்து மணிக் கோப்பி!

அதனால் அந்தக் கோப்பியை ஒரு மணிக்குக் கொண்டுவந்தேன். பன்னிரண்டேகாலுக்குச் சாப்பாடு: வழக்கமான சோற்றில் பாதி, மீனும் கீரையும் குறையாமல். மிச்சப் பசிக்கு நாலு மணிக்கு அவித்த கடலை. ஒரு மணிக்கு சீனி குறைந்த கோப்பியை மடமடவென்று குடித்துவிட்டு, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுப்பேன். கஃபீன் வேலை செய்யத் தொடங்க இருபது, முப்பது நிமிடம் ஆகும். எழும்பும்போது அதுவும் வந்து சேரும். நித்திரை வராவிட்டால் கண்ணை மூடிக் கிடந்தாலே போதும். ஆனால் அரை மணியைத் தாண்டவிடாதீர்கள். ஆழ்ந்த நித்திரையில் இருந்து எழும்பினால் தலை கிறுகிறுத்து, படுக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

இவ்வளவு செய்தும் மந்தம் முழுதாகப் போகாது. ஒன்றரையிலிருந்து மூன்று வரை புதுப் பாடம் தொடாமல், பழைய வினாத்தாளில் கணக்குச் செய்வேன். கை வேலை செய்தால் கண் சொருகாது. புதுப் பாடத்துக்குக் காலை எட்டு மணிதான் நல்லது.

தண்ணீரை ஒரு போத்தலில் மேசையிலேயே வையுங்கள். நம்ம ஊர் வெயிலில் வியர்த்தே போய்விடும். தாகமும் சோர்வு மாதிரித்தான் தெரியும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் காலையிலிருந்தே குறைவாகக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மாற்றும்போது ஐந்து மணிக் கோப்பியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். எனக்கு இரண்டு நாள் தலையிடி. மூன்றாம் நாளிலிருந்து அந்த நேரத்தில் அரைக் கோப்பை பிளேன்டீ குடித்தேன், பிறகு அதுவும் தேவைப்படவில்லை.